காலை 9.15-க்கே வாங்கும் நிரல்

"என் நிரல் என்.எஸ்.இ.யில் 9.15-க்கே வாங்கத் தொடங்குகிறது. நேரத்தை மாற்றணுமா?"

மாற்றுங்கள், 9.30-க்குப் பிறகு ஓடட்டும். இரவுச் செய்திகளை எல்லாம் முன்திறப்பு ஏலம் ஒரே விலையில் அடக்கப் பார்க்கும், அந்த விலை 9.15-க்குப் பிறகும் ஆடும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே இடைவெளி அகலம். அங்கே மார்க்கெட் ஆர்டர் போட்டால் கூடுதல் செலவு உங்கள் தலையில். முடிவு நேரத்திலும் கவனம் வேண்டும்: மாலை 3.20-ஐ ஒட்டித் தரகர்கள் இன்ட்ராடே கணக்குகளை முடிப்பார்கள். அப்போது நிரல் தடுமாறினால் திருத்த நேரமில்லை.

அப்புறம், வால்யூம் காலை மாலையில் கூடும், மதியம் வறளும். 10 மணிக்குத் தொடங்கும் அரைமணியில் 20,000 பங்கு கைமாறினால் உங்கள் 1,000 வெறும் 5%. மதியம் 10,000-தான் என்றால் அதே 1,000 பங்கு 10% ஆகி, விலையை நீங்களே ஏற்றிவிடுவீர்கள். அங்கே 500 போதும். கடந்த 20 நாள் வால்யூம் சராசரியை வைத்து ஆர்டரைப் பிரித்துப் போடுங்கள். கம்பெனியின் ரிசல்ட் வரும் நாளில் மட்டும் அதை நம்பாதீர்கள்.