பாஸ் 270 ரூபாய்தான், ஆனால் செலவு 2,300: காரைக்குடிப் பக்கத்து வாசகர்களின் கேள்விகள்

ரயில் பாஸ், பஸ், ஷேர் ஆட்டோ, சொந்த வண்டி, இவற்றில் எது கட்டுப்படி என்று கேட்டு இந்த மாதம் நிறையக் கடிதங்கள். ஐந்தொகை எழுதிப் பழகிய ஊர் இது. ஆனாலும் தினமும் சட்டைப் பையிலிருந்து போகும் இருபது ரூபாயை மட்டும் யாரும் கணக்கில் ஏற்றுவதில்லை. கேள்விகளில் பாதிக்குப் பதில் அந்த இருபது ரூபாயில்தான் இருக்கிறது.

நான் செக்காலையிலிருந்து புதுக்கோட்டைக்கு வேலைக்குப் போகிறேன். மாத பாஸ் 270 ரூபாய். இதைவிட மலிவு எதுவும் இல்லை என்கிறார் நண்பர். ஆனாலும் மாதக் கடைசியில் கை கடிக்கிறது. ஒரு ஸ்கூட்டர் வாங்கிவிடலாமா சார்?
— வாசகர், காரைக்குடி

உங்கள் நண்பர் சொல்வது பாஸைப் பொறுத்தவரை சரி. சாதாரண ரயிலில் குறைந்தபட்ச டிக்கெட் 10 ரூபாய். 24 நாள் போய் வந்தால் 480 ஆகும், அதற்கு நீங்கள் 270 கொடுக்கிறீர்கள். ஆனால் நீங்கள் ஸ்டேஷனில் குடியிருக்கவில்லை, ஸ்டேஷனில் வேலை பார்க்கவும் இல்லை. வீட்டிலிருந்து காரைக்குடி ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ 20, புதுக்கோட்டையில் இறங்கி அலுவலகத்துக்கு 20 என்று எழுதியிருக்கிறீர்கள். போக வர ஒரு நாளைக்கு 80 ரூபாய், 24 நாளைக்கு 1,920. அதாவது ரயிலுக்குக் கொடுப்பதைப் போல ஏழு மடங்கு ஆட்டோவுக்குப் போகிறது.

இதில் இன்னொரு வரியையும் சேர்க்க வேண்டும். நம் தடத்தில் ஒரு ரயிலை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று ஸ்டேஷனில் உட்கார்ந்து காத்திருக்க முடியாது, ஓடிப்போய் பஸ் பிடிக்க வேண்டியதுதான். மாதத்துக்கு நாலு தடவை அப்படி ஆனால், நீங்கள் சொன்ன 35 ரூபாய்க் கட்டணத்தில் 140. மொத்தம் 2,330 ரூபாய்.

இப்போது முழுக்கப் பஸ்ஸிலேயே போவதைப் பார்ப்போம். பஸ்ஸுக்கு நாளைக்கு 70 வீதம் மாதம் 1,680. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ 15 என்றால் போக வர 720. புதுக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து அலுவலகம் நடக்கிற தூரம் என்பதால் அங்கே செலவில்லை. கூட்டினால் 2,400. டிக்கெட் மட்டும் பார்த்தால் பஸ் ஆறு மடங்கு அதிகம், வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல்வரை பார்த்தால் வித்தியாசம் 70 ரூபாய். உங்களுக்குக் கை கடிப்பதன் காரணம் இதுதான்.

ஸ்கூட்டர் கணக்கு வேறு மாதிரி. சாலையில் ஒரு பக்கம் 40 கிலோமீட்டர் என்று வைத்தால் மாதம் 1,920 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிடைக்கிறது, பெட்ரோல் 102 ரூபாய் என்றால் பெட்ரோலுக்கு மட்டும் சுமார் 4,350. ஆயில், பிரேக், பெல்ட் எல்லாம் சேர்த்து கிலோமீட்டருக்கு 40 காசு வைத்தால் 770. இரண்டு டயருக்கு 4,000 ரூபாய், அவை 20,000 கிலோமீட்டர் உழைத்தால் மாதம் 385. இன்சூரன்சுக்கும் புகைச் சான்றுக்கும் 150. வண்டி தேய்வதும் செலவுதான்: 1,10,000 ரூபாய் வண்டியை ஐந்து வருஷம் இப்படி ஓட்டினால் மீட்டர் லட்சத்தைத் தாண்டியிருக்கும். 25,000-க்குப் போனாலே பெரிது. அந்த 85,000-ஐ 60 மாதத்துக்குப் பிரித்தால் 1,400 சொச்சம். எல்லாம் சேர்த்து 7,000 ரூபாயைத் தாண்டுகிறது. தினம் 80 கிலோமீட்டர் ஓட்டும் இடுப்புக்கு நான் விலை போடவில்லை.

வாங்க வேண்டாம். ஆட்டோவைக் குறைக்க வழி பாருங்கள். வீட்டுக் கொட்டகையில் அப்பாவின் பழைய மொபெட் நிற்கிறது என்று கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத் துடைத்து எடுங்கள். ஸ்டேஷனுக்கு 3 கிலோமீட்டர் என்றால் மாதம் 144 கிலோமீட்டர்தான், 300 ரூபாய் பெட்ரோலில் முடிந்துவிடும். ஸ்டேஷனில் வண்டி நிறுத்தும் ஸ்டாண்டுக்கு நாளைக்கு 10 என்றால் 240. காரைக்குடிப் பக்கம் ஆட்டோவுக்குக் கொடுத்த 960 இப்போது 540 ஆகிவிடும், மாத மொத்தம் 1,910. சைக்கிள் மிதிக்க முடிந்தால் 1,610. எடுக்கும் முன் மொபெட்டின் ஆர்.சி.யும் இன்சூரன்சும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு 15 வருஷத்துக்குத்தான், அப்புறம் புதுப்பிக்க வேண்டும்.

பல்லவனில் மாத பாஸ் செல்லுமா? மூன்று மாத பாஸ் எடுத்தால் லாபமா?
— வாசகர், திருமயம்

பல்லவன் சூப்பர்ஃபாஸ்ட். வெறும் மாத பாஸை வைத்துக்கொண்டு அதில் ஏறக் கூடாது, சூப்பர்ஃபாஸ்ட் கூடுதல் கட்டணம் தனியாகக் கட்டியிருக்க வேண்டும். கட்டியிருந்தாலும் முன்பதிவில்லாத பெட்டிதான். நீங்கள் ஏறும் நிலையத்தில் அந்த ரயில் நிற்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள்.

மூன்று மாத பாஸுக்கு மாதக் கட்டணத்தைப் போல 2.7 மடங்கு. 270 ரூபாய் பாஸ் என்றால் 810-க்குப் பதில் சுமார் 730. மிச்சம் 80 ரூபாய். நடுவில் பத்து நாள் ஊருக்குப் போய்விட்டால் அது கரைந்துவிடும். ஆனால் நான் மூன்று மாத பாஸ்தான் எடுக்கிறேன், காரணம் வேறு. ஒரு மாதம் தேதியைப் பார்க்காமல், முடிந்த பாஸோடு இரண்டு நாள் போய் வந்தேன். மூன்றாம் நாள் டி.டி.இ. பாஸை வாங்கித் திருப்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். 250 ரூபாய் அபராதமும் டிக்கெட் காசும் அங்கேயே போயிற்று. அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும், அது இல்லாத பாஸ் செல்லாது.

பள்ளத்தூரிலிருந்து காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடைக்கு வருகிறேன், 11 கிலோமீட்டர். வீட்டில் ஸ்கூட்டர் இருக்கிறது. "பஸ்ஸில்தான் காசே இல்லையே, எதுக்கும்மா வண்டி?" என்கிறார்கள் ஆச்சி. யார் சொல்வது சரி?
— வாசகி, பள்ளத்தூர்

ஆச்சி சொல்வதில் முக்கால்வாசி சரி. ஸ்கூட்டர் வாங்கலாமா என்று கேட்ட முதல் வாசகருக்குச் சொன்ன கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. அவர் இனிமேல் வண்டி வாங்க வேண்டும், உங்கள் வண்டி ஏற்கெனவே வாசலில் நிற்கிறது. நீங்கள் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இன்சூரன்ஸ் கட்டத்தான் போகிறீர்கள், விலையும் வருஷத்துக்கு வருஷம் இறங்கத்தான் போகிறது. அதனால் பெட்ரோல், சர்வீஸ், டயர் இவற்றை மட்டும் பாருங்கள். 25 நாளைக்கு 550 கிலோமீட்டர். பெட்ரோல் 1,250, தேய்மானச் சாமான்களுக்கு 330. ஆக 1,580.

பஸ்ஸில் போனால் டிக்கெட் இல்லை, ஆனால் பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைக்கு ஷேர் ஆட்டோ 15 ரூபாய் என்கிறீர்கள். மாதம் 750. வித்தியாசம் 830 ரூபாய். அந்தத் தூரத்தைக் காலையில் மட்டும் நடந்தால் வித்தியாசம் 1,200-ஐத் தாண்டும்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் என்பது அரசு டவுன் பஸ்ஸில், அதுவும் சாதாரணக் கட்டண பஸ்ஸில் மட்டும். பள்ளத்தூர் வழியாக வரும் வெளியூர் பஸ்ஸிலும் தனியார் பஸ்ஸிலும் காசு கொடுக்கத்தான் வேண்டும். அவசரத்தில் முன்னால் நிற்கிற பஸ்ஸில் ஏறுவது மாதத்தில் பத்து நாள் நடந்தால், "இலவசம்" என்று போட்ட கணக்கில் ஓட்டை விழும். ஏறியதும் கண்டக்டரிடம் கட்டணமில்லாச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், செக்கிங்கில் அதைத்தான் கேட்பார்கள்.

தீபாவளி, பொங்கல் சமயத்தில் கடை அடைக்கப் பத்து மணி ஆகும், அந்த நேரத்தில் டவுன் பஸ்ஸை நம்ப முடியாது. அந்த வாரங்களில் வண்டியை எடுங்கள். ஆச்சி கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லலாம்.

ஷோரூமில் 60 கிடைக்கும் என்றார்கள். எனக்கு 40-கூட வரவில்லை போலிருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், கோட்டையூர்

100 ரூபாய்க்குப் போட்டு, முள் இறங்குவதைப் பார்த்து மைலேஜ் சொல்லாதீர்கள், அந்த முள்ளுக்கு அவ்வளவு விவரம் தெரியாது. ஒரு நாள் பங்கில் டேங்கை நிரப்புங்கள். துப்பாக்கி தானாக நின்றதும் போதும், அதற்கு மேல் வழிய விட வேண்டாம். மீட்டரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல 150 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு, அதே பங்கில், அதே மாதிரி தானாக நிற்கும்வரை நிரப்புங்கள். இரண்டாம் தடவை ஏறிய லிட்டரால் ஓடிய தூரத்தை வகுத்தால் வருவதுதான் உங்கள் மைலேஜ். 168 கிலோமீட்டருக்கு 4.2 லிட்டர் ஏறினால் 40. இதை மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள்.

40 வந்தால் முதலில் டயர் காற்றைப் பாருங்கள், அப்புறம் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். இரண்டு சுற்றுக்குள் உரசி நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மெக்கானிக் அதைத் தளர்த்தினாலே நாலைந்து கிலோமீட்டர் திரும்பி வரும்.

90,000 கடன், 10 சதவீத வட்டி, 36 மாதம், தவணை 3,250 என்கிறார்கள். 10 சதவீதம் குறைவுதானே?
— வாசகர், புதுவயல்

அது ஃபிளாட் வட்டி. 90,000-க்கு வருஷம் 9,000 வீதம் மூன்று வருஷத்துக்கு 27,000 போட்டு, மொத்தம் 1,17,000-ஐ 36-ஆல் வகுத்திருக்கிறார்கள். பாதித் தவணை கட்டி முடித்த பிறகும் முழு 90,000-க்கே வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்று போட்டால், இதே 3,250 தவணை கிட்டத்தட்ட 18 சதவீதத்துக்குச் சமம். "ஃபிளாட்டா, குறையும் பாக்கிக்கா?" என்று கேட்டு, பதிலைத் தாளில் எழுதி வாங்குங்கள். செக்காலை வாசகரின் மாதப் பயணச் செலவு முழுவதையும்விட இந்தத் தவணை பெரிது, அதற்குள் பெட்ரோல் ஒரு சொட்டுகூட இல்லை.

தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்கு ரயில் பாஸ் எடுக்கலாமா?
— வாசகர், தேவகோட்டை

எடுக்கலாம், பயன் இல்லை. ஸ்டேஷன் இருப்பது தேவகோட்டை ரஸ்தாவில். ஊரிலிருந்து அங்கே போய்ச் சேரும்போது காரைக்குடிக்குப் பாதி வழி வந்திருப்பீர்கள். அதே பஸ்ஸில் இறங்காமல் உட்கார்ந்திருங்கள்.