மூன்று வரியாக உடைந்த விவரத்தை ஒரே கட்டத்துக்குள் சேர்ப்பது எப்படி?

கேள்வி: ஸ்கேன் செய்த வங்கிக் கணக்கு அறிக்கையை எக்செலுக்கு மாற்றினேன். விவரப் பத்தியில் இரண்டு மூன்று வரியாக இருந்ததெல்லாம் தனித்தனி வரிசையாக வந்துவிட்டது. தேதி இல்லாத வரிசையை மேலே உள்ளதோடு சேர்த்துப் பார்த்தேன்; சில பதிவுகளில் அடுத்தவருடைய பெயர் வந்து ஒட்டிக்கொள்கிறது. நாற்பது பக்கம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் முறையில் பிழை இல்லை. அது எல்லா அறிக்கைக்கும் பொருந்தாது என்பதுதான் சிக்கல். எழுத்துணரி மென்பொருளுக்குக் கட்டத்தின் எல்லை பல நேரம் தெரிவதில்லை. ஒரே உயரத்தில் இருக்கும் சொற்களை ஒரு வரிசை என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே தேதியும் தொகையும் எந்த உயரத்தில் அச்சாகியிருக்கின்றன என்பதைப் பொறுத்தே சேர்க்கும் விதி அமையும். அவை கட்டத்தின் மேல் விளிம்பை ஒட்டி இருந்தால், கீழே வரும் தேதியில்லாத வரிசைகள் எல்லாம் அந்தப் பதிவுக்கே உரியவை; உங்கள் முறை சரியாக வேலை செய்யும். தேதி கட்டத்தின் நடுவில் இருந்தால், விவரத்தின் முதல் வரி தேதிக்கு மேலேயே வந்துவிடும். அடுத்தவர் பெயர் ஒட்டிக்கொள்வது இதனால்தான். மூல பிடிஎஃப்பில் மூன்று வரி விவரம் உள்ள ஒரு பதிவைப் பெரிதாக்கிப் பாருங்கள். தேதி இரண்டாவது வரிக்கு நேராக இருந்தால் நீங்கள் கையாள்வது நடுச்சீரமைப்பு. பக்கத்தின் முதல் வரிசையே தேதியில்லாமல் தொடங்குவதும் பெரும்பாலும் அதன் அடையாளம்; முந்தைய பக்கத்துப் பதிவு பாதியில் உடைந்து இங்கே தொடரவில்லை என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நடுச்சீரமைப்பில் ஒரு வசதி இருக்கிறது. தேதிக்கு மேலே எத்தனை வரிகள் உண்டோ, கீழேயும் அத்தனை வரிகள்தான் இருக்க முடியும். எனவே பக்கத்தின் தலையிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தால், எந்த வரி எந்தப் பதிவைச் சேர்ந்தது என்பது ஊகமின்றித் தெரிந்துவிடும். ஏழு வரிசைகள் கொண்ட ஒரு துண்டை எடுத்துக்கொள்வோம். வரிசை 1-இல் விவரம் மட்டும். 2-இல் விவரத்தோடு தேதியும் பற்று 450.00, மீதி 12,550.00 என்பதும், 3-இல் விவரம் மட்டும், 4-இல் விவரம், தேதி, வரவு 20,000.00, மீதி 32,550.00, 5-இல் விவரம் மட்டும், 6-இல் விவரம், தேதி, பற்று 1,200.00, மீதி 31,350.00, 7-இல் விவரம் மட்டும். முதல் பதிவில் தேதிக்கு மேலே ஒரு வரி, ஆகவே கீழேயும் ஒன்று: அது வரிசை 3. அதற்கடுத்து 4 உடனே தொகையோடு வருவதால், அது ஒற்றை வரிப் பதிவு. அப்படியானால் 5 அடுத்த பதிவின் தலைவரி, 7 அதன் கால்வரி. உங்கள் பழைய விதியோ 5-ஐ 4-உடன் சேர்த்திருக்கும்.

இதை எக்செலே எண்ணிக்கொள்ளும். முதலில் பக்கந்தோறும் திரும்ப வரும் பத்தித் தலைப்புகளையும் அடியில் உள்ள பக்க எண் வரியையும் நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அவையும் விவரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். A-இல் தேதி, B-இல் விவரம், C-இல் பற்று, D-இல் வரவு, E-இல் மீதி, முதல் வரிசையில் தலைப்பு என்று வைத்துக்கொள்கிறேன். F1, G1, H1 மூன்றிலும் ஏதேனும் ஒரு தலைப்பை எழுதிவிட்டு, H2, F2, G2 ஆகிய கட்டங்களில் முறையே இவற்றை இட்டுக் கீழே இழுங்கள்:

```
=IF(TRIM(E2)="",N(H1)-1,-N(H1))
=N(F1)+(N(H1)=0)
=IF(TRIM(E2)="","",TEXTJOIN(" ",TRUE,IF(F$2:F$500=F2,B$2:B$500&"","")))
```

H பத்தி தொகை வரும்வரை மேல்வரிகளைக் கழித்தல் குறியோடு எண்ணுகிறது. தொகை வந்ததும் குறியை மாற்றி, அத்தனை கீழ்வரிகள் தீரும்வரை இறங்கிவருகிறது. அது பூஜ்யத்தைத் தொட்டால் பதிவு முடிந்தது என்று பொருள், உடனே F அடுத்த எண்ணுக்குப் போகிறது. நமது துண்டில் H பத்தி -1, 1, 0, 0, -1, 1, 0 என்றும், F பத்தி 1, 1, 1, 2, 3, 3, 3 என்றும் வரும். எக்செல் 2019 என்றால் மூன்றாவது சூத்திரத்தை Ctrl+Shift+Enter அழுத்தி இட வேண்டும். அதற்கு முந்தைய பதிப்புகளில் TEXTJOIN கிடையாது. தேதியை விட்டுவிட்டு மீதிப் பத்தியை அடையாளமாகக் கொண்டதற்குக் காரணம், குறுகிய தேதிப் பத்தியில் ஆண்டு மட்டும் அடுத்த வரிக்கு மடிந்து போவதுண்டு. மீதியோ ஒரு பதிவுக்கு ஒரே தடவைதான் அச்சாகிறது.

நாற்பது பக்கத்தையும் ஒரே தாளில் ஒட்டாமல், பக்கத்துக்கு ஒரு தாளாக வையுங்கள். பக்கத்தின் கடைசி வரிசையில் H பூஜ்யமாக இல்லாவிட்டாலோ, தொகை உள்ள ஒரு வரிசையில் H கழித்தல் எண்ணாக வந்தாலோ, அதற்கு மேலே எங்கோ எண்ணிக்கை பிசகியிருக்கிறது. இரண்டு வரி விவரத்தில்தான் இது அதிகம் நேர்கிறது: தேதி இரு வரிகளுக்கும் இடையே நிற்பதால், எழுத்துணரி சில நேரம் அதற்குத் தனி வரிசை தருகிறது, சில நேரம் மேல்வரியோடோ கீழ்வரியோடோ ஒட்டிவிடுகிறது. ஒட்டிய இடத்தில் இரு விவர வரிகளுக்கும் நடுவே ஒரு வரிசையைச் செருகித் தேதியையும் தொகைகளையும் அதற்கு நகர்த்தி, சூத்திரங்களைத் திரும்ப இழுத்துவிட்டால் எண்ணிக்கை நேராகிவிடும். பக்க முடிவில் பதிவு பாதியில் உடைந்திருந்தால், அந்த ஒரு பதிவை மட்டும் கையால் சேர்ப்பதே விரைவு.

வரிகளுக்கு இடையே இடைவெளி விடலாமா என்பதும் கவனிக்க வேண்டியது. சில அறிக்கைகள் சொல் முடிவில் மடிக்கும்; சில, இத்தனை எழுத்து என்று எண்ணி வெட்டும். பின்னதில் `PROVI` ஒரு வரியிலும் `SION STORE` அடுத்த வரியிலும் விழும். இடைவெளியோடு சேர்த்தால் பரிவர்த்தனை எண்கூட இரண்டாக உடைந்து, பின்னர் தேடினால் கிடைக்காது. `=LEN(B2)` என்று நீளங்களைப் பாருங்கள்: பதிவின் கடைசி வரி தவிர மற்றவை எல்லாம் ஒரே நீளமாக இருந்தால் எண்ணி வெட்டியது என்று கொண்டு, TEXTJOIN-இன் முதல் உறுப்பை `""` ஆக்குங்கள். ஒரு வரி மட்டும் ஓர் எழுத்து குறைந்தால், அங்கே சொல் இடைவெளி தொலைந்திருக்கிறது; அதைக் கையால் இட வேண்டும்.

முடிந்ததும் G பத்தியை நகலெடுத்து மதிப்பாக ஒட்டிய பிறகே, மீதி இல்லாத வரிசைகளை வடிகட்டி நீக்குங்கள்; முன்னதாக நீக்கினால் சூத்திரம் படிப்பதற்கு வரிகளே இருக்காது. பலர் இந்தக் கட்டத்தில் `=ROUND(E2-C3+D3-E3,2)` என்று மீதியைச் சரிபார்த்து, எல்லாம் பூஜ்யம் என்றதும் நிம்மதி அடைகிறார்கள். தவறாக வாசிக்கப்பட்ட தொகையையும் விடுபட்ட பதிவையும் அது காட்டிக்கொடுக்கும். விவரம் இடம் மாறியதைக் காட்டாது, ஏனெனில் நமது துண்டில் 5-ஐ 4-உடன் சேர்த்தாலும் கணக்கு பைசா பிசகாமல் இருக்கும். விவரத்தைச் சோதிக்க அதன் தொடக்கச் சொல்லைத்தான் எண்ண வேண்டும்:

```
=(LEN(G2)-LEN(SUBSTITUTE(G2,"UPI/","")))/4
```

யூபிஐ பதிவு ஒவ்வொன்றிலும் இது 1 தர வேண்டும். 2 வந்தால் இரண்டு பதிவுகளின் தலைவரிகள் ஒன்றாகியிருக்கின்றன. 0 வந்து, விவரமும் நெஃப்ட் போன்ற வேறு தொடக்கச் சொல் இல்லாமல் நடுவிலிருந்து ஆரம்பித்தால், அந்தப் பதிவின் தலைவரி முந்தைய பதிவுக்குப் போயிருக்கும். மூல பிடிஎஃப்பில் அந்த இரண்டு பதிவுகளை மட்டும் பார்த்தால் போதும்.