எத்தனை சொல் வரை எடுத்தாளலாம்?

கேள்வி: மறைந்த நாவலாசிரியர் ஒருவரைப் பற்றி 160 பக்கத்தில் ஓர் ஆய்வு நூல் எழுதி முடித்திருக்கிறேன். அவருடைய ஒரு நாவலிலிருந்து 22 இடங்களில் மேற்கோள் காட்டியிருக்கிறேன். மொத்தம் சுமார் 3,000 சொற்கள் வரும், நாவலின் கடைசி இரண்டு பக்கமும் அதில் அடக்கம். நாவல் ஏறக்குறைய 60,000 சொல். அவர் எழுதிய 16 வரிக் கவிதை ஒன்றை முழுதாகக் கொடுத்திருக்கிறேன். அதன் கடைசி நான்கு வரியை நூலின் முகப்பிலும் போட்டிருக்கிறேன். நண்பருக்கு எழுதிய, எங்கும் அச்சாகாத இரண்டு கடிதங்களும் உண்டு. பத்து சதவீதம் தாண்டக் கூடாது என்கிறார் ஒருவர், முன்னூறு சொல்தான் வரம்பு என்கிறார் இன்னொருவர். எழுத்தாளர் இறந்து 30 ஆண்டாகிறது, நாவலில் பதிப்புரிமை அறிவிப்பு எதுவும் அச்சிடப்படவில்லை. எல்லா இடத்திலும் அவர் பெயரையும் பக்க எண்ணையும் கொடுத்துவிட்டேன். இது போதாதா?

பதில்: போதாது. ஆனால் நீங்கள் பயப்படுமளவுக்கு நிலைமை மோசமுமில்லை. நாவல் மேற்கோள்களில் பெரும்பாலானவை அப்படியே நிற்கும். சிக்கல் வேறு நான்கு இடங்களில் இருக்கிறது.

முதலில், நாவலுக்கு உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம். இருக்கிறது. எழுத்துக்கு உரிமை கிடைக்கப் பதிவு செய்ய வேண்டியதில்லை, வட்டத்துக்குள் போடும் அந்தக் குறியும் தேவையில்லை. படைப்பாளர் உரிமையைக் காக்க 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகள் உள்ளன. அந்த நாடுகளில் எழுதி முடித்த கணமே உரிமை பிறந்துவிடுகிறது. அறிவிப்பு அச்சிடாமல் விட்டது அச்சகத்தாரின் கவனக்குறைவாக இருக்கலாம். அதனால் உரிமை போய்விடாது. காலத்தைப் பொறுத்தவரை, ஆசிரியர் வாழ்நாளும் அதன்பின் 50 ஆண்டும் என்பது அந்த உடன்படிக்கை வைத்திருக்கும் பொதுவான குறைந்தபட்சம். இந்தியாவில் அது 60 ஆண்டு, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 70. எப்படிக் கணக்கிட்டாலும் 30 ஆண்டு போதாது. உரிமை வாரிசுகளிடமோ, அவர்கள் எழுதிக் கொடுத்திருந்தால் பதிப்பகத்திடமோ இருக்கிறது.

இனி அந்தப் பத்து சதவீதம். அது முழுக்கக் கற்பனை அல்ல, வேறு கணக்கு இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. எடுத்துக்காட்டாக, ஆஸ்திரேலியச் சட்டத்தில், படிப்புக்காகவோ ஆராய்ச்சிக்காகவோ அச்சான நூலில் பத்து சதவீதப் பக்கத்தை அல்லது ஓர் அத்தியாயத்தை நகலெடுத்தால் அதை நியாயமானதாகவே கொள்ளலாம் என்று இருக்கிறது. அது நகல் எடுத்துத் தன் மேசையில் வைத்துப் படிப்பவருக்கான சலுகை. நூலாக அச்சிட்டு விற்பவருக்கானது அல்ல. முன்னூறு, நானூறு என்ற சொல் கணக்குகளும் பதிப்பாளர்கள் தங்கள் வசதிக்காக வைத்துக்கொண்ட வழக்கங்கள்தான். சட்டமே எண்ணைச் சொல்லும் நாடுகள் மிக அரிது. அர்ஜென்டினா அப்படிப்பட்டது, இலக்கிய நூலில் ஆயிரம் சொல் வரை என்று எழுதிவைத்திருக்கிறது. அங்கேயும் தன் நோக்கத்துக்குத் தவிர்க்க முடியாத பகுதியாக இருந்தால் மட்டுமே.

எண்ணுக்குப் பதிலாகப் பெர்ன் உடன்படிக்கையின் பத்தாவது பிரிவு மூன்று நிபந்தனைகளை வைக்கிறது. நூல் ஏற்கெனவே முறைப்படி வெளியாகியிருக்க வேண்டும். எடுத்தாளும் விதம் நியாயமாக இருக்க வேண்டும். எடுத்த அளவு, எடுத்த நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. இவற்றோடு மூலத்தையும் ஆசிரியர் பெயரையும் சொல்ல வேண்டும். பெயர் சொல்வது அந்த மூன்றுக்கும் மேலான கடமை, அவற்றுக்கு ஈடல்ல. ஒவ்வொரு நாடும் இதைத் தன் சட்டத்தில் தன் மொழியில் எழுதிக்கொள்கிறது. இந்தியச் சட்டம் விமர்சனம், மதிப்புரை போன்ற நோக்கங்களைப் பெயர் சொல்லியே அனுமதிக்கிறது. அமெரிக்கச் சட்டம் நான்கு அளவுகோல்களை வைத்து நீதிபதியிடம் விட்டுவிடுகிறது.

நடைமுறையில் நான் அதிகம் நம்புவது 1970-களின் தொடக்கத்தில் ஆங்கிலேய நீதிபதி டென்னிங் பிரபு ஒரு வழக்கில் சொன்ன அளவுகோலை. எத்தனை மேற்கோள், எவ்வளவு நீளம் என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து அவை எதற்குப் பயன்படுகின்றன என்று பார்க்க வேண்டும். பிறகு மேற்கோளுக்கும் உரைக்குமான விகிதத்தைப் பார்க்க வேண்டும் என்றார் அவர். நீளமான பகுதியை எடுத்துக்கொண்டு சின்னக் குறிப்பைச் சேர்த்தால் அது நியாயமில்லாமல் போகலாம். சிறிய பகுதியை எடுத்து நீளமாகப் பேசினால் நியாயமாக இருக்கலாம்.

இதை உங்கள் கைப்பிரதியின் மேல் வைத்துப் பாருங்கள். நாயகியின் வீட்டைப் பற்றிய 90 சொல் பத்தியைக் கொடுத்து, வாக்கியங்கள் எப்படிப் படிப்படியாகக் குறுகிக்கொண்டே போகின்றன, வினைச்சொற்கள் எங்கே மறைகின்றன என்று ஒன்றரைப் பக்கம் எழுதினால், அந்தப் பத்தி இல்லாமல் உங்கள் வாதம் நிற்காது. யாரும் குறை சொல்ல முடியாத மேற்கோள் அது. அதே நூலில் நாவலின் கடைசி இரண்டு பக்கத்தை, சுமார் 600 சொல், அப்படியே இறக்கிவிட்டு “முடிவு நம்மை உலுக்குகிறது” என்று ஒரு வரி எழுதினால், அங்கே பேசுவது நீங்கள் அல்ல, நாவலாசிரியர். மேற்கோளை எடுத்துவிட்டால் உங்கள் பக்கத்தில் என்ன மிஞ்சும் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வரிதான் மிஞ்சும் என்றால் அது மேற்கோள் அல்ல, மறுபதிப்பு. 22 இடங்களையும் இப்படி ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். மொத்தம் ஐந்து சதவீதம்தானே என்ற ஆறுதல் இங்கே உதவாது.

ஏன் உதவாது என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1985-ஆம் ஆண்டுத் தீர்ப்பு நல்ல சான்று. முன்னாள் அதிபர் ஜெரால்டு ஃபோர்டின் நினைவுக் குறிப்புகள் வெளியாகும் முன்பே கைப்பிரதி ஒரு வார இதழின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. இதழ் ஏறக்குறைய 2,250 சொல்லில் கட்டுரை எழுதியது. அதில் நூலிலிருந்து சொல்லுக்குச் சொல் எடுத்தது 300 முதல் 400 சொல்தான். கைப்பிரதியோ இரண்டு லட்சம் சொல். சதவீதக் கணக்கில் அது ஒன்றுமேயில்லை. ஆனால் எடுத்தவை, தனக்கு முன் அதிபராக இருந்த நிக்சனுக்கு ஏன் மன்னிப்பு வழங்கினார் என்று ஃபோர்டு சொல்லும் பகுதியை ஒட்டியவை. வாசகர் எதற்காக அந்தப் புத்தகத்தை வாங்குவாரோ அதுதான் அது. முன்கூட்டியே பகுதிகளை வெளியிட 25,000 டாலருக்கு ஒப்பந்தம் செய்திருந்த இன்னொரு பத்திரிகை, மிச்சமிருந்த 12,500 டாலரைத் தர மறுத்துவிட்டது. இதழ் தோற்றது. நூல் அப்போது வெளியாகாமல் இருந்ததும் தீர்ப்பில் பெரிய பங்கு வகித்தது என்பதை மறக்கக் கூடாது. நீங்கள் மேற்கோள் காட்டும் நாவல் வெளியானதுதான். ஆனாலும் நாவலின் முடிவு அதன் இதயம். அதை முழுதாகக் கொடுப்பது, நூலை வாங்க நினைப்பவருக்கு வாங்க வேண்டிய காரணத்தையே குறைத்துவிடும். ஆகவே அந்த 600 சொல்லை, நீங்கள் உண்மையில் அலசப்போகும் ஐந்தாறு வாக்கியங்களாகக் குறைத்துவிடுங்கள். இடைப்பட்டதை உங்கள் சொல்லில் சொல்லுங்கள். கதையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்வதற்கு யார் அனுமதியும் வேண்டாம். உரிமை காப்பது எழுத்தின் வடிவத்தை, கருத்தையோ செய்தியையோ அல்ல. அதற்காக அத்தியாயம் அத்தியாயமாகக் கதையைச் சுருக்கித் தந்துவிடாதீர்கள். அது வேறொரு வம்பு.

கவிதை இரண்டாவது சிக்கல். 16 வரியில் நான்கு வரி என்றாலே கால் பங்கு. முழுதும் கொடுத்தால் மூலப் படைப்பு உங்கள் புத்தகத்திலேயே கிடைக்கிறது. மிகச் சிறிய படைப்பை முழுதாக மேற்கோள் காட்டுவதை நியாயப்படுத்தும் வாதங்கள் உண்டு. ஒவ்வொரு வரியையும் அலசியிருந்தால் நானே அந்த வாதத்தை எடுப்பேன். அப்படிச் செய்யவில்லை என்றால் நீங்கள் அலசும் வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள், அல்லது அனுமதி கேளுங்கள்.

முகப்பில் உள்ள நான்கு வரிதான் எல்லாவற்றிலும் பலவீனமானது என்று சொன்னால் வியப்பீர்கள். அளவில் சிறியதுதான். ஆனால் அங்கே விமர்சனம் இல்லை, மதிப்புரை இல்லை, ஒரு வார்த்தை விளக்கமும் இல்லை. அழகுக்காக வைத்த வரிகள் அவை. மேற்கோளை நியாயப்படுத்தும் நோக்கம் எதையும் சுட்ட முடியாது. வழக்கு வருமா என்றால் பெரும்பாலும் வராது. ஆனாலும் கவிதைக்கு எப்படியும் அனுமதி கேட்கப்போகிறீர்கள் என்றால் இந்த வரிகளையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.

கடிதங்களில்தான் மிகுந்த எச்சரிக்கை தேவை. கடிதம் எழுதப்பட்ட தாள் நண்பருடைய குடும்பத்துக்குச் சொந்தம். அதில் உள்ள எழுத்துக்கான உரிமையோ எழுதியவருடைய வாரிசுகளுக்கு உரியது. நண்பரின் மகன் படித்துக்கொள்ளக் கொடுத்தார் என்பதால் அச்சிடும் உரிமை வந்துவிடாது. தவிர, பெர்ன் உடன்படிக்கை மேற்கோளுக்கு வைத்த முதல் நிபந்தனையே, படைப்பு முறைப்படி வெளியாகியிருக்க வேண்டும் என்பதுதான். அமெரிக்க எழுத்தாளர் சாலிஞ்சரின் வெளியாகாத கடிதங்களைப் பயன்படுத்திய வாழ்க்கை வரலாறு ஒன்று 1987-இல் நீதிமன்றத் தடைக்கு உள்ளானது. முதலில் நேரடி மேற்கோளாக இருந்தவற்றை, எதிர்ப்பு வந்ததும் நூலாசிரியர் பெருமளவுக்குத் தன் சொல்லில் மாற்றியிருந்தார். ஆனால் மாற்றிய வாக்கியங்களும் கடிதத்தின் நடையையே ஒட்டிச் சென்றதால் தப்பவில்லை. பின்னாளில் அமெரிக்கச் சட்டம் இந்த விஷயத்தில் சற்றுத் தளர்த்தப்பட்டது. ஆனாலும் அந்தத் தளர்வை நம்பி மற்ற நாட்டில் அச்சிட முடியாது. கடிதத்திலிருந்து தேதி, பயணம், யாரைச் சந்தித்தார், எந்த நூலை எப்போது எழுதத் தொடங்கினார் என்பன போன்ற செய்திகளை எடுத்துக்கொள்ளலாம். அவருடைய வாக்கியங்கள் வேண்டுமென்றால் வாரிசுகளின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும்.

அனுமதி கேட்கும் கடிதத்தை நேர்த்தியாக எழுதுங்கள். “உங்கள் தந்தையின் எழுத்தைப் பயன்படுத்த அனுமதிக்க வேண்டும்” என்று பொதுவாகக் கேட்டால் வாரிசு தயங்குவார். எந்தப் படைப்பு, எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம், எந்தச் சொல்லில் தொடங்கி எந்தச் சொல்லில் முடிகிறது, மொத்தம் எத்தனை வரி, உங்கள் நூலில் அது எந்த இடத்தில் வருகிறது என்று சொல்லுங்கள். நூலின் பெயர், பதிப்பகம், எத்தனை பிரதி, மின்னூல் வருமா, பிற நாட்டில் விற்பனை உண்டா என்பதையும் குறிப்பிடுங்கள். மின்னூலைச் சொல்லாமல் விட்டுவிட்டு, பிறகு அதற்காக மறுபடி கேட்க நேர்ந்தவர்கள் பலர். அந்தப் பக்கத்தின் நகலை இணைத்தால் பதில் விரைவாக வரும். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் நாவலின் பதிப்பகத்திலிருந்து தொடங்குங்கள். உரிமை தங்களிடம் இல்லையென்றால் யாரிடம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பதில் வரவில்லை என்றால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கவிதையை நான்கு வரியாகக் குறைத்து விளக்கத்தோடு வைத்துவிடலாம், கடிதங்களைச் செய்தியாக மாற்றிவிடலாம், முகப்பு வரிகளை எடுத்துவிடலாம். இந்த மூன்றையும் செய்த மாற்றுப் பிரதி ஒன்றை இப்போதே தயாராக வைத்திருங்கள். உங்கள் பதிப்பக ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். பிறர் உரிமை மீறப்பட்டதாக வழக்கு வந்தால் செலவு நூலாசிரியருடையது என்ற வரி அதில் இருந்தால், அனுமதிக் கடிதங்களின் நகல்களை நீங்களே பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும்.