டெல்மிசார்டனை டப்பாவில் கொட்டி வைக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை, டெல்மிசார்டன் 40. மறக்காமல் இருக்க ஒரு வாரத்துக்கானதைப் பிரித்து, கிழமை போட்ட டப்பாவில் போட்டு அடுப்படி ஷெல்ஃபில் வைப்பேன். நாலாம் நாள் மாத்திரை பிசுபிசுவென்று ஒட்டுகிறது. கடைக்காரர் பழைய சரக்கைத் தந்துவிட்டாரா? ஃப்ரிட்ஜில் வைக்கட்டுமா? (சென்னை)

பதில்: கடைக்காரர் மேல் சந்தேகப்படுவதற்கு முன்னால் டப்பாவைப் பாருங்கள். டெல்மிசார்டன் தண்ணீரில் எளிதாகக் கரையாது, அதைக் கரைய வைப்பதற்காக மாத்திரையில் காரப்பொருள் சேர்க்கிறார்கள், அதனால் மாத்திரை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் அலுமினியமாக இருக்கும் ஸ்ட்ரிப்பில் அது பெரும்பாலும் வருவதற்கு இதுதான் காரணம். நீங்கள் பிரித்த அன்றே அந்தப் பாதுகாப்பு போய்விட்டது, அடுப்படி நீராவியும் சென்னைப் புழுக்கமும் மீதியைச் செய்திருக்கும்.

டப்பா பழக்கத்தை விட வேண்டாம். ஸ்ட்ரிப்பைக் கத்தரியால் ஒவ்வொரு மாத்திரையாக, குழி உடையாமல் சுற்றிலும் ஓரம் விட்டு வெட்டி, அப்படியே கிழமை அறைகளில் போடுங்கள். அம்மா சாப்பிடும்போது பிரித்தால் போதும். ஃப்ரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுக்கும்போது குளிர்ந்த ஸ்ட்ரிப் மேல் வியர்க்கும். லேபிளில் 30 டிகிரிக்குக் கீழே என்று போட்டிருந்தால் படுக்கையறையில் வெயில் படாத, சுவரோடு ஒட்டாத அலமாரித் தட்டு போதும். மதியத்தில் வண்டிப் பெட்டியில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சரி, ஒட்டின மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள், ஆனால் அதற்காக ஒரு வேளையையும் தவறவிடக் கூடாது, இன்றைக்கே புது ஸ்ட்ரிப் வாங்குங்கள். அம்மா இப்படிப்பட்டதைப் பல நாள் சாப்பிட்டிருந்தால் பிரஷரைப் பார்த்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வாங்கும்போது ஸ்ட்ரிப்பை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஊசித் துளை, கிழிந்த மடிப்பு, ஓரம் பிரிந்த குழி, ஆட்டினால் பொடி ஓடுவது போன்ற சத்தம், இதில் ஒன்று இருந்தாலும் வேறு கேளுங்கள். வீட்டில் பிரிக்கும்போது புள்ளி, நிறமாற்றம், உதிர்தல் தெரிந்தால் அதுவும் கெட்டதுதான். ஆனால் கூட்டு மாத்திரை சில இரண்டு நிற அடுக்காகத்தான் வரும், அதைப் பார்த்து பயப்பட வேண்டாம்.

நிறையப் பேர் ஏமாறுவது வெட்டின ஸ்ட்ரிப்பில். பாட்ச் எண்ணும் தேதியும் பெரும்பாலும் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும், நீங்கள் ஐந்து மாத்திரை கேட்டால் அந்த ஓரம் கடையிலேயே தங்கிவிடலாம். முழு ஸ்ட்ரிப்பாக வாங்குங்கள், இல்லையென்றால் தேதி உள்ள பக்கத்தைக் காட்டச் சொல்லி பில்லில் பாட்ச் எண்ணோடு ஒத்துப்பாருங்கள். EXP 08/2026 என்றால் ஆகஸ்ட் 31 வரை. ஜூலை 20-ஆம் தேதி 60 மாத்திரை வாங்கினால் தினம் ஒன்றாக செப்டம்பர் 17 வரை ஓடும், கடைசி 17 மாத்திரை காலாவதியாகிவிடும், அதனால் அந்த ஸ்ட்ரிப்பை அப்போதே மறுத்துவிடுங்கள். தேதி தாண்டினதையே தந்திருந்தால் ஸ்ட்ரிப்பையும் பில்லையும் போட்டோ எடுத்துக்கொண்டு மாற்றிக் கேளுங்கள், மறுத்தால் உங்கள் பகுதி மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம்.