ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருந்தால் எதை எடுப்பது?

"அகராதியில் ஒரு சொல்லுக்குப் பத்துப் பொருள் போட்டிருக்கிறது. மொழிபெயர்க்கும்போது எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

அந்தச் சொல்லுக்கு அக்கம்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மருத்துவக் குறிப்புகளில் அடிக்கடி வரும் 'டிஸ்சார்ஜ்' என்ற ஆங்கிலச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். விடுவிப்பு, கசிவு, கடன் தீர்ப்பு, மின்னிறக்கம் என்று அகராதி அடுக்கும். மருத்துவம் என்றதுமே கடனும் மின்சாரமும் கழிந்துவிடும். மிச்சம் இரண்டு.

இனி இலக்கணம் கைகொடுக்கும். அது வினையாக வந்து, நோயாளி எழுவாயாக இருந்து, பக்கத்தில் தேதியும் இருந்தால் வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று பொருள். பெயர்ச்சொல்லாக வந்து, காது, புண் என்று உறுப்போ காயமோ ஒட்டி வந்தால், அல்லது மஞ்சள், நாற்றம் போன்ற அடைமொழி இருந்தால் அது கசிவு. சில இடத்தில் சீழ். 'சம்மரி' சேர்ந்தால் மறுபடி வீடு திரும்பும் கதைதான்.

தொல்லை தருவது 'டிஸ்சார்ஜ் இல்லை' என்ற ஒற்றை வரி. முந்தைய வரி தையலைப் பற்றியதா, படுக்கையைப் பற்றியதா? அதுவும் தெரியாவிட்டால் ஊகிக்காமல், எழுதியவரிடம் கேட்டுவிடுங்கள்.