செக்கெண்ணெயின் விலையும் பிண்ணாக்குக் கணக்கும்

கேள்வி: எங்கள் பகுதியில் இரண்டு மரச்செக்குக் கடைகள் இருக்கின்றன. ஒருவர் கடலை எண்ணெய் லிட்டர் 340 ரூபாய் என்கிறார், இன்னொருவர் 220 ரூபாய்க்குத் தருகிறார். இருவருமே நூறு சதவீதம் சுத்தம் என்கிறார்கள். வாங்கியவர்கள் திரும்பத் திரும்ப வருவதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாமா?

என் சித்தப்பாவின் செக்கில் ஆறு ஆண்டுகள் கணக்கு எழுதியவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்கிறேன். எண்ணெயை முகர்ந்து பார்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒரு கூட்டல் கழித்தல்தான். அதைச் செய்யாமல் சுத்தத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

எங்கள் செக்கின் உரலில் ஒரு தடவைக்கு 20 கிலோ நிலக்கடலைப் பருப்பு போடுவோம். பருப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே எண்ணெய் இருக்கும். அதையும் மரச்செக்கு முழுவதுமாகப் பிழிந்துவிடாது. நல்ல காய்ந்த பருப்பாக இருந்தால் 20 கிலோவுக்கு 8 கிலோ எண்ணெய் இறங்கும். கடலை எண்ணெய் ஒரு லிட்டர் ஏறத்தாழ 910 கிராம் எடைதான் இருக்கும் என்பதால், 8 கிலோ என்பது 8.8 லிட்டர் ஆகும். வெள்ளைத் துணி கட்டி இரண்டு மூன்று நாள் வெயிலில் தெளிய வைத்து, அடியில் தங்கும் கசடை நீக்கினால் விற்பனைக்குக் கையில் நிற்பது எட்டரை லிட்டர். கூடவே 11 கிலோ பிண்ணாக்கு வரும். செக்குப் பிண்ணாக்கில் எண்ணெய் பத்து விழுக்காட்டுக்கு மேல் தங்கிவிடுவதால் மாடு வளர்ப்பவர்கள் அதை விரும்பி வாங்குவார்கள்.

இப்போது பருப்பு கிலோ 130 ரூபாய், பிண்ணாக்கு கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சந்தையில் அன்றைய விலை எதுவோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கின் வழி மாறாது. பருப்புக்கு 2,600 ரூபாய். பிண்ணாக்கு விற்றுத் திரும்பி வருவது 440 ரூபாய். மீதி 2,160 ரூபாயை எட்டரை லிட்டருக்கு வகுத்தால் லிட்டருக்கு 254 ரூபாய் வருகிறது. இதில் ஆள் கூலி, மின்சாரம், வாடகை, பாட்டில் எதுவும் இன்னும் சேரவில்லை. அவற்றுக்கு லிட்டருக்கு முப்பது நாற்பது ரூபாயாவது பிடிக்கும். ஆகவே அந்தப் பருப்பு விலையில் 290 ரூபாய்க்குக் கீழே விற்பவருக்கு லாபம் என்று ஒன்று இருக்க முடியாது. 340 ரூபாய் என்பது பேராசை விலையன்று. 220 ரூபாய்க்குக் கொடுப்பவர், பருப்பைக் கிலோ 100 ரூபாய்க்கு வாங்கியிருந்தால்கூடத் தன் செலவை மட்டுமே மீட்டிருப்பார். அவ்வளவு மலிவாகப் பருப்பு கிடைக்கிறதென்றால், அது சொத்தை, உடைசல், ஈரம் என்று கழித்துக் கட்டிய பருப்பாக இருக்கலாம். இல்லையென்றால் எண்ணெயில் பாதி வேறிடத்திலிருந்து டின்னில் வருகிறது என்று பொருள்.

ஆனால் இந்தக் கணக்கு ஒரு பக்கம்தான் வெட்டும். விலை மிகக் குறைவாக இருந்தால் ஏதோ சரியில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். விலை அதிகமாக இருப்பதை வைத்துச் சுத்தம் என்று சொல்ல முடியாது. 340 ரூபாய் எண்ணெயில் பாமாயில் கலப்பவருக்கு, 220 ரூபாய் எண்ணெயில் கலப்பவரைவிட ஆதாயம் அதிகம்.

அதனால் விலையைப் பார்த்த பிறகு அளவைப் பாருங்கள். 20 கிலோ பருப்பு ஆட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உரலைச் சுரண்டி எடுத்து அடுத்த ஈடு போட்டு என்று பார்த்தால், எங்கள் செக்கைப் போன்ற ஒன்று ஒரு நாளில் ஆறு ஈடு ஆட்டும். அது ஐம்பது லிட்டர் எண்ணெய். கடையில் ஓடுவது ஒரே செக்கு, ஆனால் எண்ணெய் பத்துக் கடைகளுக்கும் இணையத்திலும் நாளொன்றுக்கு இருநூறு லிட்டர் போகிறது என்றால், மீதி நூற்றைம்பது லிட்டர் அந்த உரலிலிருந்து வரவில்லை. வேறோர் ஆலையில் எக்ஸ்பெல்லர் என்ற இரும்பு இயந்திரத்தில் பிழிந்த நல்ல கடலை எண்ணெயாகவே அது இருக்கலாம். ஆனாலும் 'மரச்செக்கு' என்ற பெயருக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் விலை வீண்தான்.

பிண்ணாக்கு இதைவிட நேர்மையான சாட்சி. ஒரு லிட்டர் எண்ணெய் எடுத்தால் ஒன்றேகால் கிலோ பிண்ணாக்கு விழுந்தே தீரும். அதை ஒளிக்க முடியாது. ஐம்பது லிட்டர் ஆட்டும் கடையில் அன்றாடம் அறுபது கிலோவுக்கு மேல் பிண்ணாக்கு மூட்டை கட்டப்பட்டிருக்கும். "பிண்ணாக்கு ஒரு மூட்டை கிடைக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். எண்ணெய் எப்போதும் தாராளமாக இருந்தும் பிண்ணாக்கு மட்டும் என்றைக்கும் இல்லை, வாங்க வருபவர்களும் இல்லை என்றால் நான் அந்தக் கடையில் எண்ணெய் வாங்க மாட்டேன்.

வாடிக்கைக்காரர்கள் திரும்ப வருவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு பருவத்தில் மழை முந்திக்கொண்டது. ஒரு வியாபாரியிடம் கிலோவுக்கு எட்டு ரூபாய் குறைத்து நான்தான் பருப்பு எடுத்தேன். கையில் அள்ளிக் குலுக்கியபோது கலகலவென்று ஓசை வராமல் மெத்தென்று இருந்தது. பல்லில் வைத்தால் உடையாமல் நசுங்கியது. இரண்டு நாள் காய வைத்து ஆட்டிவிட்டோம். எண்ணெய் பார்வைக்கு வழக்கம் போலவே இருந்தது. மூன்று வாரம் கழித்து, நான்கு ஆண்டுகளாக எங்களிடம் வாங்கும் ஓர் அம்மா அரைப் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். "தம்பி, இந்தத் தடவை அடிநாக்குல கசக்குது. பருப்ப மாத்துனீங்களா?" என்றார். அவர் சொன்னது சரி. அந்த எண்ணெயில் கலப்படம் ஒரு சொட்டுக்கூட இல்லை. ஆனால் அது கெட்ட பருப்பின் எண்ணெய். மீதமிருந்த எண்ணெயை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டோம்.

பழைய வாடிக்கைக்காரரின் நாக்கு, சென்ற மாத எண்ணெய்க்கும் இந்த மாத எண்ணெய்க்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு நுட்பமாகக் கண்டுபிடிக்கும். ஆனால் முதல் நாளிலிருந்தே ஒரே விகிதத்தில் கலந்து கொடுத்தால், அந்தக் கலவையின் மணமே கடலை எண்ணெயின் மணம் என்று அதே நாக்கு பழகிவிடும். ஆகவே கூட்டம் திரும்ப வருவது, தரம் மாறாமல் இருக்கிறது என்பதற்குச் சான்று. கலப்பு இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. இன்னொன்றும் உண்டு. பூஞ்சை பிடித்த கடலையில் உண்டாகும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சுக்கு நாக்கில் தெரியும் சுவை கிடையாது. சுத்திகரிப்பில் நீங்கிவிடும் அது, செக்கெண்ணெயில் தங்கிவிடக்கூடும். அதனால்தான் ஆட்டுவதற்கு முன் பருப்பைப் புடைத்துக் கருத்ததையும் சுருங்கியதையும் பொறுக்குகிறார்களா என்று பார்ப்பதை நான் எண்ணெயின் நிறத்தைப் பார்ப்பதைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

எல்லா வாடிக்கையும் ஒன்றல்ல. சொந்தப் பருப்பைக் கொண்டுவந்து கூலிக்கு ஆட்டிச் செல்பவர்கள் ஒரு கடைக்குத் திரும்ப வந்தால் அது நம்பத் தகுந்த செய்தி. பருப்பு, எண்ணெய், பிண்ணாக்கு மூன்றையும் அவர்கள் தங்கள் கண் முன்னாலேயே எடை போட்டு வாங்குகிறார்கள். உங்களுக்கும் நான் சொல்லும் வழி இதுதான்: ஒரே ஒரு முறை நல்ல பருப்பு ஓர் ஈட்டுக்கு வேண்டிய அளவு வாங்கி, தனியாகவோ உறவினருடன் பங்கு போட்டோ, பக்கத்தில் நின்று ஆட்டி வாருங்கள். அதில் ஒரு பாட்டிலை வெளிச்சம் படாமல் வைத்துக்கொண்டு, மற்ற எண்ணெய்களை அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

குளிர்பதனப் பெட்டியில் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் சோதனையை நம்ப வேண்டாம். அந்தக் குளிரில் சுத்தமான கடலை எண்ணெயே கலங்கித் திரளும், பாமாயிலும் திரளும், சூரியகாந்தி எண்ணெய் கலந்ததோ தெளிவாக நிற்கக்கூடும். நேர்மையானவரைக் குற்றவாளியாக்கவே இது பயன்படும். பாட்டிலில் இருக்கும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணும் கடை பதிவு பெற்றது என்பதை மட்டுமே காட்டும்.

உறுதி வேண்டுமென்றால் ஆய்வகம்தான் வழி. அங்கேயும் எதைக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும். எண்ணெயில் நிறைவுறாக் கொழுப்பு எவ்வளவு என்பதைக் காட்டும் அயோடின் மதிப்பு, கடலை எண்ணெய்க்கு 85 முதல் 99 வரை இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. பாமாயிலின் திரவப் பகுதியான பாமோலினுக்கு அது 60-ஐ ஒட்டியிருக்கும். 92 உள்ள கடலை எண்ணெயில் முப்பது விழுக்காடு பாமோலின் கலந்தால் மதிப்பு 82 ஆக இறங்கி மாட்டிக்கொள்ளும். பதினைந்து விழுக்காடு மட்டும் கலந்தால் 87-இல் நின்று தேறிவிடும். ஆனால் கொழுப்பு அமில விவரப் பரிசோதனை அதையும் பிடித்துவிடும். கடலை எண்ணெயில் பால்மிடிக் அமிலம் பதினொரு விழுக்காடு போல இருக்கும், பாமோலினில் நாற்பதை ஒட்டி இருக்கும். பதினைந்து விழுக்காட்டுக் கலப்பிலேயே அது பதினைந்துக்கு மேல் போய்விடும். சோதனைக்குக் கொடுக்கும்போது இந்தப் பரிசோதனையை ஆய்வகத்தில் பெயர் சொல்லிக் கேளுங்கள். அயோடின் மதிப்போடு நிறுத்திவிட்டால் கொடுத்த பணம் பாதி வீண்.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 2006-இன் 40-ஆவது பிரிவு, வாங்குபவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனை செய்துகொள்ள உரிமை தருகிறது. குறை இருப்பதாக அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் சோதிக்கப் போகிறேன் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது அதில் உள்ள நிபந்தனை. அந்த 340 ரூபாய்க் கடையில் முதலில் இதைச் சொல்லிப் பாருங்கள். எங்களிடம் ஒருவர் அப்படிக் கேட்டபோது சித்தப்பா மூடி முத்திரையிட்ட பாட்டில் ஒன்றைக் கொடுத்து, அதே நாளில் ஆட்டிய இன்னொரு பாட்டிலில் தேதியை எழுதி அவர் கையெழுத்தையும் வாங்கி எங்களிடம் வைத்துக்கொண்டார்.