கிழமை எங்கே? தேதி, நேரம் எழுதுவதில் வரும் குழப்பங்கள்: கேள்வி-பதில்

வாட்ஸ்அப்பில் "ஞாயிறு 7 மணிக்கு வந்துடுங்க" என்று போட்டேன். பாதிப் பேர் காலையில் வந்தார்கள், பாதிப் பேர் மாலையில். யார் மேல் தப்பு?
– திண்டுக்கல் வாசகர்

உங்கள் மேல்தான். எந்த ஞாயிறு என்பதும் இல்லை, காலையா மாலையா என்பதும் இல்லை. "ஞாயிறு, 7 ஜூன் 2026, மாலை 7.00 மணி" என்று எழுத எத்தனை விநாடி ஆகும்?

நண்பகல் 12 மணி என்பது ஏ.எம்.மா, பி.எம்.மா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
– ஈரோடு வாசகி

வழக்கத்தில் நண்பகல் 12 பி.எம்., நள்ளிரவு 12 ஏ.எம். ஆனால் இதைத் தெரிந்துகொள்வதால் உங்களுக்குப் பயனில்லை, படிப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டுமே. அதனால் 12-க்குப் பக்கத்தில் ஏ.எம்., பி.எம். போடவே போடாதீர்கள். "பகல் 12.00" என்று எழுதினால் யாரும் தடுமாற மாட்டார்கள்.

நள்ளிரவுக்கு அதுவும் போதாது. "10-ம் தேதி நள்ளிரவு 12 மணிக்குள் விண்ணப்பிக்கவும்" என்றால் 9-ம் தேதி முடிந்து 10 பிறக்கும் நேரமா, 10 முடியும் நேரமா? இரண்டுக்கும் நடுவில் ஒரு முழு நாள் கிடக்கிறது. கடைசி நேரத்தை இரவு 11.59 என்று வைக்கும் வழக்கம் இதனால்தான் வந்தது. அதையே பின்பற்றுங்கள், கூடவே கிழமையையும் சேருங்கள்: "புதன், 10 ஜூன் 2026, இரவு 11.59 வரை."

ரயில் டிக்கெட்டில் 14-ம் தேதி 00:10 என்று இருக்கிறது. 14-ம் தேதி ராத்திரி ஸ்டேஷன் போனால் சரிதானே?
– விருதுநகர் வாசகர்

சரியில்லை. நீங்கள் போய் நிற்கும்போது உங்கள் ரயில் கிளம்பி ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும். ரயில்வே 24 மணி நேரக் கணக்கில் எழுதுகிறது. 00:10 என்றால் அந்தத் தேதி பிறந்து பத்து நிமிடம். மாதத்தைச் சொல்லாமல் கேட்டிருக்கிறீர்கள், ஜூன் 2026 என்று வைத்துக்கொள்கிறேன். 14-ம் தேதி ஞாயிறு. நீங்கள் ஸ்டேஷனில் இருக்க வேண்டியது 13-ம் தேதி சனிக்கிழமை இரவு 11.30-க்கு.

இது டிக்கெட்டோடு நிற்பதில்லை. கார் டிரைவரிடம் "14-ம் தேதி ரயில்" என்று சொன்னால் அவர் 14-ம் தேதி ராத்திரிதான் வருவார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு ரயில் நேரம் வேண்டாம், வீட்டு வாசலுக்கு வரவேண்டிய நேரம் போதும்: "சனி, 13 ஜூன், இரவு 10.45-க்கு வீட்டுக்கு வாங்க." நள்ளிரவு தாண்டிய நேரத்தை அடுத்தவர் தலையில் கட்டாமல், நள்ளிரவுக்கு முந்தைய ஒரு நேரமாக மாற்றிக் கொடுப்பதுதான் இதில் உள்ள சூட்சுமம்.

இன்னொன்று. ரயில் எங்கே வருகிறது என்று இணையத்தில் பார்க்கும்போது அது கேட்பது ரயில் புறப்பட்ட ஊரில் புறப்பட்ட தேதியை. 13-ம் தேதி மாலை கிளம்பிய வண்டிதான் உங்கள் ஊருக்கு 14-ம் தேதி 00:10-க்கு வரும். அங்கே 14 என்று கொடுத்தால் மறுநாள் வண்டியின் நிலவரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

மகன் கல்யாண முகூர்த்தம் அதிகாலை 4.30–6.00. ஜோசியர் "ஞாயிறு இரவு, விடிந்தால் திங்கள்" என்று எழுதிக் கொடுத்தார். பத்திரிகையில் அப்படியே போடலாமா?
– மன்னார்குடி வாசகர்

அடியோடு வேண்டாம். கையெழுத்தில் வரும் குறிப்பை அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டு, முகூர்த்தம் முடிந்து இலை போடும் நேரத்தில் தாய்மாமன் வந்து இறங்குவது ஊருக்கு ஊர் நடக்கிறது.

ஜோசியர் தப்பாக எழுதவில்லை. பஞ்சாங்கத்தில் கிழமை சூரிய உதயத்தில் தொடங்கி மறு உதயம் வரை ஓடும். அந்தக் கணக்கில் திங்கள் விடியுமுன் 4.30 மணி இன்னும் ஞாயிறுதான். கடிகாரத்துக்கும் காலண்டருக்கும் நாள் நள்ளிரவிலேயே மாறிவிடுகிறது, அதனால் அதே 4.30 திங்கள். எழுதியவர் ஒரு கணக்கில் எழுத, படிப்பவர் வேறு கணக்கில் படிக்கிறார். "விடிந்தால் திங்கள்" என்றால் என்ன என்று உங்கள் வயதுக்காரர்களுக்குப் புரியும். பெங்களூரிலிருந்து பஸ் ஏறும் பேரனுக்கு வரியின் முதலில் உள்ள "ஞாயிறு" மட்டும்தான் கண்ணில் படும். ஞாயிறு அதிகாலை 4.30 என்று எடுத்துக்கொண்டு சனி ராத்திரி கிளம்பினால் ஒரு நாள் முன்னால் வந்து நிற்பான். "இரவு" என்ற சொல்லைப் பார்த்துவிட்டு ஞாயிறு இரவு சாப்பாட்டுக்கு வந்து, முகூர்த்தம் நடக்கவில்லையே என்று கேட்டவர்களும் உண்டு.

7 ஜூன் 2026 ஞாயிறு மாலை வரவேற்பு, மறுநாள் விடியுமுன் முகூர்த்தம் என்றால் பத்திரிகையில் இப்படி வரட்டும்:

"வரவேற்பு: 07 ஜூன் 2026, ஞாயிற்றுக்கிழமை, மாலை 6.30 மணி.
முகூர்த்தம்: 08 ஜூன் 2026, திங்கட்கிழமை, அதிகாலை 4.30 மணிக்கு மேல் 6.00 மணிக்குள் (வரவேற்புக்கு மறுநாள் விடியற்காலை)."

அடைப்புக்குறியில் உள்ள அந்த வரியை இடமில்லை என்று அச்சகத்தில் வெட்டச் சொல்வார்கள். விடாதீர்கள். வேண்டுமானால் "தங்கள் நல்வரவை விரும்பும்" பட்டியலில் நாலு பேரை வெட்டட்டும். திதி, நட்சத்திரம், யோகம் எல்லாம் வழக்கம்போல மேலே இருக்கலாம், அங்கே யாரும் நேரம் பார்க்கப் போவதில்லை.

பத்திரிகை சரியானால் பாதி வேலைதான் முடிந்தது. அதிகாலைக் கல்யாணத்தில் நிஜமான சேதம் வேலைக்காரர்கள் விஷயத்தில் நடக்கும். பால்காரரிடம் "திங்கட்கிழமை காலை பால்" என்றால் அவர் வழக்கப்படி ஐந்தரைக்குக் கொண்டுவருவார், காபி கேட்டு ஜனம் நிற்பது மூன்றரைக்கு. மண்டபத்தில் "திங்கட்கிழமைக்கு" என்று பதிந்தால் சாவி எப்போது கிடைக்கும் என்று அவர்கள் விதியைப் பொறுத்தது. ஒவ்வொருவருக்கும் முகூர்த்த நேரத்தைச் சொல்லாமல், அவரவர் வந்து நிற்க வேண்டிய நேரத்தைச் சொல்லுங்கள். மண்டபத்துக்கு "ஞாயிறு 7-ம் தேதி பகல் 3.00 முதல் திங்கள் 8-ம் தேதி பகல் 2.00 வரை." பாலுக்கு "ஞாயிறு 7-ம் தேதி இரவு 9.00-க்குள் மண்டபத்தில் இறக்க வேண்டும்." நாதஸ்வரக்காரர், புகைப்படக்காரர் இருவருக்கும் "ஞாயிறு 7-ம் தேதி இரவே வந்து மண்டபத்தில் தங்க வேண்டும், திங்கள் 8-ம் தேதி அதிகாலை 3.30-க்கு வேலை தொடங்கும்." அட்வான்ஸ் ரசீதில் இதே வரியை எழுதி வாங்குங்கள். வாயால் சொன்ன "திங்கள் விடியக்காலம்" ஆளுக்கு ஒரு மணியாக நினைவில் இருக்கும்.

வந்த பத்திரிகையில் தேதிக்கும் கிழமைக்கும் ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது?
– காரைக்குடி வாசகி

இரண்டையும் நம்பாமல் போன் செய்யுங்கள். ஆனால் கிழமை எழுதியிருந்ததால்தான் தப்பு இருப்பதே உங்களுக்குத் தெரிந்தது, அதைக் கவனியுங்கள். வெறும் தேதி என்றால் பேசாமல் தப்பான நாளில் போயிருப்பீர்கள்.

ஊகிக்க ஒரு வழி உண்டு. கிழமை ஒன்று பின்தங்கியிருந்தால் பெரும்பாலும் போன வருடக் காலண்டரைப் பார்த்தது அல்லது போன வருடப் பழைய அச்சுக்கோப்பில் தேதியை மட்டும் மாற்றியது. 365 நாள் என்பது 52 வாரமும் ஒரு நாளும். 2025-ல் ஜூன் 7 சனி, 2026-ல் ஞாயிறு. நடுவில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு நாள் தள்ளும்.

தமிழ்த் தேதியும் இருந்தால் இன்னொரு சாட்சி கிடைக்கும். சித்திரை 1 என்பது 14 ஏப்ரல் 2026, ஆகவே சித்திரை 20 என்பது 3 மே, ஞாயிறு. மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் மூன்றாவதுதான் அச்சுப்பிழை என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் போன் செய்யுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகளுக்கு 03/05/2026 காலை 9 மணி விசேஷம் என்று ஆன்லைன் லிங்க் அனுப்பினேன். மார்ச்சிலேயே லிங்க் திறக்கவில்லை என்று போன் செய்தாள்.
– மதுரை வாசகி

அங்கே மாதம் முதலில். அவள் மார்ச் 5 என்று படித்திருக்கிறாள். மாதத்தை எண்ணில் எழுதாமல் பெயரில் எழுதினால் இந்தப் பேச்சே இல்லை. கிழமை போட்டிருந்தாலும் தப்பியிருக்கும்: மே 3 ஞாயிறு, மார்ச் 5 வியாழன். ஞாயிறு என்று பார்த்ததும் அவளுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

தேதியைத் திருத்தினாலும் அடுத்த குழி காத்திருக்கிறது. நமக்கு ஞாயிறு காலை 9.00 என்பது அப்போது நியூயார்க்கில் சனி இரவு 11.30. "ஞாயிறு காலை" என்று மட்டும் எழுதினால் அவள் தூங்கி எழுந்து பார்ப்பாள், விசேஷம் முடிந்திருக்கும். இப்படி அனுப்புங்கள்:

"ஞாயிறு, 3 மே 2026, காலை 9.00 இந்திய நேரம். நியூயார்க்: சனி, 2 மே, இரவு 11.30. லண்டன்: ஞாயிறு, 3 மே, அதிகாலை 4.30. சிங்கப்பூர்: ஞாயிறு, 3 மே, காலை 11.30."

யாழ்ப்பாணத்து உறவினருக்குத் தனியாக வேண்டாம், இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம். இந்த வித்தியாசத்தை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், அதையும் ஒரே நாளில் செய்வதில்லை. 2026-ல் அமெரிக்கா மார்ச் 8, பிரிட்டன் மார்ச் 29. நடுவில் மூன்று வாரம் பழைய கணக்குகள் எல்லாம் உதைக்கும்.

எக்செல்லில் விருந்தினர் வருகைத் தேதிகளை அடித்தேன். சில தேதி வலப்பக்கம், சில இடப்பக்கம் ஒட்டி நிற்கின்றன. அழகாக்குவது எப்படி?
– சென்னை வாசகர்

அழகை விடுங்கள், பாதித் தேதிகள் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம். கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் 13/05/2026 அதற்குத் தேதியாகத் தெரியாது, ஏனென்றால் 13-வது மாதம் கிடையாது. அதனால் வெறும் எழுத்தாக இடப்பக்கம் விட்டுவிடும். 03/05/2026-ஐ மார்ச் 5 என்று வாங்கி வலப்பக்கம் வைத்திருக்கும். அதாவது ஒழுங்காகத் தெரிபவைதான் தப்பானவை. முதலில் கணினியின் வட்டார அமைப்பை இந்தியா என்று மாற்றி, எல்லாவற்றையும் திரும்ப அடியுங்கள். பிறகு அந்தப் பத்திக்கு இந்த வடிவம் கொடுங்கள், கிழமை தானாக வரும்:

```
ddd, dd-mmm-yyyy
```

"11–1 பி.எம்." என்று எழுதினால் புரியாதா?
– தஞ்சை வாசகர்

இரவு 11-ஆ, காலை 11-ஆ? இரண்டு முனைக்கும் தனித்தனியாக எழுதுங்கள்: காலை 11.00 முதல் பகல் 1.00 வரை.

"அடுத்த வெள்ளி" என்றால் வருகிற வெள்ளியா, அதற்கு அடுத்ததா? எனக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.
– பெயர், ஊர் இல்லை

கடிதத்தில் தேதியும் இல்லை. எந்த வெள்ளி என்று எழுதுங்கள், பதில் தருகிறேன்.